‘ஊர்வன’ என்னும் சொல்லும் காலில்லாத ஓர் உயிரியின் படமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. இரவு முழுதும் பெய்த மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலையில், மூன்றாம் ஆண்டில் படிக்கும் என் பேத்தி கைப்பேசியில் ஒரு படத்துடன் வந்து நின்றாள். தான் படம் எடுத்த விலங்கைப் பாலூட்டி, பறவை, ஊர்வன, நீர்நில வாழ்வன, மீன், பூச்சி ஆகிய ஆறு தொகுதிகளில் ஒன்றில் சேர்த்து எழுத வேண்டும் என்பது அவளுடைய வீட்டுப்பாடம். படத்தில், உதிர்ந்த செம்பனை மட்டைக்கு அடியில், ஊதா கலந்த கருநிறத்தில், விரல் தடிமனும் ஏறக்குறைய ஒரு சாண் நீளமும் கொண்ட ஓர் உயிரி நெளிந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஒன்று ஓடியது. “தாத்தா, இதுக்குக் காலே இல்ல, ஊர்ந்துதான் போச்சு. அப்ப ஊர்வனதானே?” என்று கேட்டாள்.

சொல்லின் பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. பிழை எங்கே நுழைகிறது என்பதைக் காட்ட, அந்தச் சொல்லையே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

‘ஊர்’ என்னும் வினையடிக்குத் தமிழில் மெல்ல நகர்தல், பரவுதல், ஒன்றின் மேலேறிச் செல்லுதல் என்று பல பொருள்கள் உண்டு. குதிரையின் மேல் செல்வதும் ஊர்தல்தான். ‘ஊர்தி’ அதிலிருந்து வந்தது. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்கிறது பழமொழி. ஆனால் எறும்பை எவரும் ஊர்வனவற்றில் சேர்ப்பதில்லை, அது பூச்சி. ஆக, ஊர்தல் என்னும் வினை ஊர்வன என்னும் தொகுதியைக் காட்டிலும் மிகப் பரந்தது. தேவர், மக்கள், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம் என்று எழுவகைப் பிறப்பைப் பிரித்த நம் பழைய மரபில் இந்தச் சொல் முன்பே இருக்கிறது. அங்கே ஓர் உயிர் எப்படி நகர்கிறது, எங்கே வாழ்கிறது என்பதே பிரிப்புக்கு அடிப்படை. அந்தக் கணக்கில் பாம்பும் புழுவும் பக்கத்துப் பக்கத்து வீட்டார்.

அறிவியல் தமிழுக்குக் கலைச்சொல் தேடியவர்கள் ‘ரெப்டைல்’ என்பதற்கு இந்த ஆயத்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அது பொருத்தமான தேர்வுதான், ஏனெனில் அந்த ஆங்கிலச் சொல்லும் ஊர்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. சொல்லுக்குச் சொல் நேராக அமைந்த இந்த இணைப்பில், மூலச் சொல்லில் இருந்த குறையும் கூடவே வந்துவிட்டது. முதலை உடலைத் தூக்கி நடக்கும், ஓணான் ஓடும், ஆமை நீந்தும். இவை எல்லாம் ஊர்வன. மண்புழு வாழ்நாள் முழுதும் ஊரும். அது ஊர்வன அன்று. உண்மையில் மண்புழுவுக்கு அந்த ஆறு தொகுதிகளில் எதிலுமே இடம் இல்லை. சிலந்தி, பூரான், நத்தை ஆகியவற்றுக்கும் அப்படியே. இதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆறில் ஒன்றில் எப்படியாவது திணித்துவிடப் பார்ப்பார்கள்.

இலக்கணத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஊர்வன’ என்பது பலவின்பால் வடிவம். ஆகவே ‘ஒரு ஊர்வன’ என்று எழுதுவது பொருந்தாது. ‘ஊர்வன தொகுதியைச் சேர்ந்த உயிரி’ என்றோ ‘ஊர்வனவற்றுள் ஒன்று’ என்றோ எழுதலாம். ‘நீர்நில வாழ்வன’ என்பதற்கும் இது பொருந்தும்.

அந்த இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது, ஏனெனில் படத்திலிருந்த உயிரி அங்கேதான் சேர்கிறது. ‘ஆம்பிபியன்’ என்பதன் கிரேக்க மூலத்துக்கு இரு வகையிலும் வாழ்வது என்று பொருள். தமிழில் அதற்கு நீர்நில வாழ்வன, ஈரூடகவாழி, இருவாழ்வி என்று பல சொற்கள் வழங்குகின்றன. நீர்நில வாழ்வன என்று சொன்னதும் குழந்தை முதலையையும் ஆமையையும் நீர்நாயையும் நினைத்துக்கொள்கிறது; அவையும் நீரிலும் நிலத்திலும் இருப்பவைதானே. இருவாழ்வி என்னும் சொல்லே எனக்கு நிறைவாகப் படுகிறது. தவளை தலைப்பிரட்டையாக இருக்கும்போது நீரில் செவுளால் மூச்சுவிட்டு ஒரு வாழ்வு வாழ்கிறது, வளர்ந்தபின் நுரையீரலாலும் ஈரத்தோலாலும் மூச்சுவிட்டு இன்னொரு வாழ்வு வாழ்கிறது. இடம் இரண்டு என்பதைவிட வாழ்வு இரண்டு என்பதே இந்தத் தொகுதியின் அடையாளத்துக்கு நெருக்கமானது.

ஒரு படத்தில் இளமைப் பருவம் தெரியாது, மூச்சுவிடும் உறுப்பும் தெரியாது. தோல் தெரியும். ஆகவே பேத்திக்கு இரு சொற்களையும் தோலின் வழியாக மாற்றிச் சொன்னேன்: ஊர்வனவற்றின் உடலைச் செதில்கள் போர்த்தியிருக்கும், தோல் உலர்ந்தது, இருவாழ்விகளின் தோல் ஈரமானது, வெளியே செதில் தெரியாது. அதன்பின் படத்தைப் பெரிதாக்கி உடலின் நடுப்பகுதியைப் பார்க்கச் சொன்னேன்.

அங்கே செதில் வரிசை இல்லை. அதற்குப் பதிலாக, உடலைச் சுற்றி நெருக்க நெருக்கமாக வளையங்கள் ஓடின. பாம்பின் மேல் வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு செதிலிலும் தனித்தனிப் புள்ளியாக ஒளி சிதறும், முதுகு பாசி மணி கோத்ததுபோல் தோன்றும். இந்தப் படத்தில் ஒளி உடைந்து சிதறாமல் ஈரக் கோடாக நீண்டிருந்தது, வளையங்களின் பள்ளத்தில் மட்டும் சற்றே மங்கியது. வளையத்தைக் கண்டதும், “அப்ப மண்புழுவா?” என்றாள். நல்ல ஐயம்தான். தலைப்பக்கம் நகர்த்திப் பார்த்தோம். தாடையோடு கூடிய வாய் ஒரு கோடாகத் தெரிந்தது, தோலுக்கு அடியில் மங்கலாக ஒரு சிறு கண்ணும் இருந்தது. மண்புழுவுக்குத் தாடையும் இல்லை, கண்ணும் இல்லை. வால்பக்கம் பாம்பைப்போல் மெல்ல மெல்ல ஒடுங்காமல், தலையைப்போலவே மொட்டையாக முடிந்திருந்தது.

வளையம், ஈரத்தோல், தாடை, மொட்டை வால், பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஆகிய அனைத்தும் சேர்ந்தால் அது சிசிலியன் என்னும் காலில்லாத இருவாழ்வி. தவளைக்கும் தேரைக்கும் உறவானது, ஈர மண்ணுக்குள் வாழ்வது, மழை மண்ணை நனைத்துவிட்டால் எப்போதாவது மேலே வருவது. மலேசியாவில் காணப்படும் சிசிலியன்களின் பேரினம் ஒன்றுக்கு இக்தியோஃபிஸ் என்று பெயர்; கிரேக்கத்தில் அதற்கு ‘மீன்பாம்பு’ என்று பொருள். மீனும் அல்லாத, பாம்பும் அல்லாத உயிரிக்கு அப்படி ஒரு பெயர். ‘சிசிலியன்’ என்னும் சொல்லோ லத்தீனில் குருடு என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது, கண் அவ்வளவு சிறிது என்பதால். இதற்கென்று நம் தோட்டத்து மக்களிடம் தனிப்பெயரை நான் கேட்டதில்லை. பாம்புக்குட்டி என்று சொல்லி மண்வெட்டியால் வெட்டிப் போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். தமிழில் ‘காலில்லா இருவாழ்வி’ என்று விளக்கமாகவே சொல்லிவிடலாம்.

என் பேத்தியின் முதல் விடை வெட்கப்பட வேண்டிய விடை அன்று. உயிரினங்களுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயசே 1758-இல் சிசிலியனைப் பாம்புகளோடு சேர்த்துத்தான் வைத்தார். இன்று நாம் பிரித்து வைக்கும் ஊர்வனவும் இருவாழ்விகளும் அன்று ஒரே வகுப்பில் இருந்தன. இளம் சிசிலியன்களின் கழுத்தில் செவுள் துளைகள் இருப்பதைக் கண்ட பிறகே அதன் உண்மையான உறவு தெளிவாயிற்று. மண்ணுக்குள் முட்டையைச் சுற்றித் தாய் சுருண்டு கிடக்கும், பொரித்த குஞ்சு நீருக்குப் போய் வளர்ந்து, பிறகு மண்ணுக்குத் திரும்பும். இரண்டு வாழ்வும் அப்படியே இருக்கிறது.

ஏமாற்றக்கூடிய வேறு இரண்டு உயிரிகளையும் சொல்லி வைத்தேன். பூந்தொட்டி மண்ணைக் கிளறும்போது கிடைக்கும் புழுப்பாம்பு, காலணிக் கயிறு போல் மெலிந்து, 15 சென்டிமீட்டர் அளவே இருக்கும், பார்வைக்கு மண்புழுதான். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் உடல் முழுதும் வழுவழுப்பான நுண்செதில்கள் தெரியும், ஆகவே அது ஊர்வன. இன்னொன்று, மலாயில் பெலுட் எனப்படும், தோட்டத்து வாய்க்காலிலும் வயலிலும் கிடக்கும் விலாங்கு போன்ற மீன். அதற்கு மார்பிலும் வயிற்றிலும் துடுப்பு இல்லை, செதில் இல்லை, காற்றை மூச்சாக இழுக்கும், ஈரத்தரையில் நெளிந்து வேறு குட்டைக்கும் போகும். வளையம் இல்லாத வழுக்கை உடலும், தட்டையாக ஒடுங்கும் வாலும், தொண்டைக்கு அடியில் இருக்கும் ஒற்றைச் செவுள் பிளவும் அதை மீன் என்று காட்டும். மேலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பிளவு தெரியாது என்பதுதான் சிக்கல்.

தோலை வைத்துப் பிரிக்கும் முறைக்கும் எல்லை உண்டு. மழையில் நனைந்த பாம்பு ஈரத்தோல் உள்ளதுபோல மின்னும். படம் கலங்கியிருந்தால் செதில் மறைந்துவிடும். இக்தியோஃபிஸின் தோல் மடிப்புகளுக்குள் நுண்ணிய செதில்கள் புதைந்தும் இருக்கின்றன, ஆனால் அவை உருப்பெருக்கி இல்லாமல் தெரிவதில்லை. அதனால் தலை, நடு உடல், வால் என்று மூன்று படங்கள் எடுக்கச் சொன்னேன். அருகில் போகாமல், நின்ற இடத்திலிருந்தே பெரிதாக்கி எடுக்க வேண்டும். நம் நாட்டில் நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பவளப்பாம்புகள் இதேபோல் மெலிந்து, கோடு போட்ட உடலோடு, உதிர்ந்த இலைகளுக்கு அடியில் கிடக்கும். அவற்றின் நஞ்சு கொடியது. எது என்று உறுதியாகும்வரை அதைப் பாம்பாகவே எண்ணி விலகி நிற்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

படத்தை ஒட்டிய தாளில் அவள் ‘ஊர்வன’ என்று பென்சிலால் எழுதியிருந்ததை அழித்தாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்த சொல் வேண்டும் என்பதால் ‘நீர்நில வாழ்வன தொகுதியைச் சேர்ந்தது’ என்று எழுதி, அருகில் அடைப்புக்குறிக்குள் ‘இருவாழ்வி’ என்றும் சேர்த்தாள். காரணம் என்று இருந்த கட்டத்தில், “தோல் ஈரமாக இருந்தது, செதில் தெரியவில்லை, வளையம் இருந்தது, வாயில் தாடை இருந்தது” என்று நிரப்பினாள். “ஊர்ந்து சென்றது என்றும் எழுதவா?” என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் அது காரணம் ஆகாது என்றேன். சற்று யோசித்துவிட்டு அதைக் கடைசி வரியில், ‘பார்த்தது’ என்னும் தலைப்பின் கீழ் எழுதி வைத்தாள்.