ஐந்து மேட்ச் சரியாகச் சொன்னவர் ஆறாவதுக்குப் பணம் கேட்கிறார்

ஐபிஎல் தொடங்கியதும் டெலிகிராமில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெசேஜ் வரும். "இன்னைக்கு சென்னைதான் ஜெயிக்கும், காசு வேண்டாம், பார்த்துட்டுச் சொல்லுங்க." சென்னை ஜெயிக்கிறது. இப்படி ஐந்து மேட்ச் வரிசையாகச் சரியாகச் சொல்லிவிட்டு, ஆறாவதுக்கு 2,000 ரூபாய் கேட்பார். கண்ணால் பார்த்த பிறகு நம்பாமல் இருப்பது கஷ்டம்தான்.

ஆனால் அவர் வேறு யாருக்கு என்ன அனுப்பினார் என்பதை நாம் பார்க்கவில்லையே. 6,400 பேருடைய தொடர்பு அவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குச் சென்னை, மீதிப் பேருக்கு மும்பை என்று அனுப்புகிறார். தவறான பதில் போனவர்களை அப்படியே விட்டுவிட்டு, சரியானது போன 3,200 பேரை அடுத்த மேட்சுக்கு மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார். அப்புறம் 1,600, 800, 400 என்று குறைந்து, ஐந்தாவது மேட்ச் முடியும்போது 200 பேர் மிஞ்சுவார்கள். அந்த 200 பேருக்கும் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை, கிரிக்கெட் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாவிட்டாலும்! 2008இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் மாயவித்தைக் கலைஞர் டெர்ரன் பிரவுன் இதையே குதிரைப் பந்தயத்தில் செய்து காட்டினார். பந்தயத்துக்கு ஆறு குதிரைகள், மொத்தம் ஐந்து பந்தயங்கள், 7,776 பேரில் தொடங்கி கடைசியில் ஒரே ஒருவர்.

"தப்பானால் பணம் வாபஸ்" என்பதுதான் எனக்கு அதிகக் கோபம் வரவைக்கும் வாக்குறுதி, ஏனென்றால் அதை நேர்மையாகக் காப்பாற்றினாலும் அவருக்கு நஷ்டமே இல்லை. 200 பேரும் பணம் கட்டினால், மறுபடி பாதி பாதியாகப் பிரித்துச் சொல்லிவிட்டு, தவறிய 100 பேருக்குத் திருப்பிக் கொடுத்த பிறகும் 2 லட்சம் கையில் நிற்கும்.

சரி, சேனலில் பழைய பதிவுகள் எல்லாமே சரியாக இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். மேட்சுக்கு முன் இரண்டு அணியின் பெயரையும் தனித்தனிப் பதிவாகப் போட்டு, முடிந்ததும் தோற்றதை அழித்துவிடலாம். நேரம் பார்த்தால் மேட்சுக்கு முந்தையதாகவே இருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பொதுச் சேனலில் ஒரு பதிவின் இணைப்பை நகலெடுத்துப் பார்த்தால் கடைசியில் ஓர் எண் இருக்கும், `t.me/சேனல்பெயர்/412` என்பதுபோல. இந்த எண் வரிசையாக ஏறும், அழித்த பதிவின் எண் திரும்ப வராது. ஒரு பதிவு 412, அதற்கு அடுத்தது 415 என்றால் நடுவில் இருந்த இரண்டு அழிக்கப்பட்டிருக்கலாம். சேனல் படத்தை மாற்றினாலும் ஓர் எண் செலவாகும், அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இடைவெளி இருப்பது குற்றமில்லை. ஒவ்வொரு மேட்ச் நாளிலும் இடைவெளி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல தனிச் சேனல்களை நடத்தி, தோற்றவற்றை மொத்தமாக மூடிவிட்டு ஜெயித்ததை மட்டும் பொதுவாக்கினால் இந்த எண் சோதனையும் உதவாது. அப்போது ஒரே வழி, இன்று தொடங்கி அந்தச் சேனல் சொல்வதை ஒவ்வொரு மேட்சுக்கும் முன்பே நீங்களே நோட்டில் எழுதி வைப்பது, ஒன்றுகூட விடாமல், குறைந்தது 20 மேட்சுக்கு.