90 நாள் பாக்கியை முதலில் கூப்பிடாதீர்கள்

யார் எவ்வளவு பாக்கி, கெடு தாண்டி எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் ஏஜிங் ரிப்போர்ட் கையில் வந்ததும் பெரும்பாலானோர் கடைசி கட்டத்துக்குத்தான் போவார்கள். கெடு தாண்டி 90 நாளுக்கு மேல் யார் நிற்கிறார்கள், எடு போனை. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

ஒரு மாதம் அந்தக் கட்டத்தில் ஒருவர் பெயரில் 4,00,000 நின்றது. கூப்பிட்டேன். "பணம் போட்டு மூணு வாரம் ஆச்சு, உங்க கணக்கை முதல்ல பாருங்க" என்றார். பார்த்தால் 3,80,000 வரவு எந்த பில்லிலும் சேர்க்கப்படாமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று தனியே கிடந்தது. மீதி 20,000, சேதமான சரக்குக்காக அவர் பிடித்துக்கொண்டது. அந்தத் தொகையைப் பில்லில் கழிக்கும் கிரெடிட் நோட் நாங்கள்தான் போடவில்லை. அன்றிலிருந்து, சேர்க்காத வரவுகளை உரிய பில்லில் சேர்க்காமல் நான் போனைத் தொடுவதில்லை.

அதே ரிப்போர்ட்டில் இன்னொருவருக்கு 90 நாள் கட்டம் காலி. 31–60 நாளில் 4,50,000, 1–30 நாளில் 3,00,000. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. போன மாத ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்று 1–30 நாளில் இருந்த அதே 4,50,000 ஒரு கட்டம் நகர்ந்திருக்கிறது. அன்று கெடு வராத 3,00,000 பின்னாலேயே வந்திருக்கிறது. ஒரு மாதம் முழுக்க ஒரு பைசா வரவில்லை, ஆனால் புது ஆர்டர் மட்டும் வந்திருந்தது.

மூன்றாமவருக்கு 61–90 நாளில் 1,20,000, ஒரே பில். அதற்குப் பிறகு வந்த பில்களையெல்லாம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்.

ஒரு பில் மட்டும் நின்றால் அநேகமாகத் தகராறு: அளவு குறைவு, விலை வித்தியாசம், பில் போய்ச் சேரவில்லை. எல்லா பில்லும் சேர்ந்து நகர்ந்தால் கையில் காசு இல்லை. முன்னவரிடம் பணம் கேட்டுப் பயனில்லை, டெலிவரி சலானை எடுத்து அனுப்ப வேண்டும். பின்னவரைத்தான் இன்றே கூப்பிட வேண்டும், ஏனென்றால் அவரிடம் உள்ள கொஞ்சத்தையும் நமக்கு முன் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வரவைத் தானாகவே பழைய பில்லில் கழிக்கும்படி மென்பொருளை அமைத்திருந்தால் தகராறு பில் மறைந்துபோகும், புது பில் பாக்கி மாதிரி தெரியும். அவர் எந்த பில்லுக்கு என்று எழுதி அனுப்பினாரோ அதில்தான் கழிக்க வேண்டும்.

சரி, இரண்டாமவரைக் கூப்பிட்டேன். அவருக்கு வரவேண்டிய பெரிய தொகை ஒன்று முடங்கியிருந்தது. 4,50,000-ஐ வாரத்துக்கு ஒன்றாக மூன்று தவணையில் தர ஒப்புக்கொண்டார். முதல் தவணை வரும்வரை புது ஆர்டரை நிறுத்திவைத்தோம். முதல் தவணை சொன்ன நாளில் வந்தது, இரண்டாவது இரண்டு நாள் தாமதம். அந்த இரண்டு நாளையும் அவர் பெயருக்கு எதிரே குறித்துவைத்திருக்கிறேன்.