33 ரன் முன்னிலை எங்கே போயிற்று? 2011 இறுதிப் போட்டியின் புழு வரைபடம்

2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், இந்திய இன்னிங்ஸின் 42ஆவது ஓவரின் இரண்டாவது பந்தில் கவுதம் கம்பீர் 97 ரன்களுக்கு ஆட்டமிழந்தபோது இந்தியா 4 விக்கெட்டுக்கு 223 ரன் எடுத்திருந்தது. இரு அணிகளின் ரன் குவிப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து காட்டும் புழு வரைபடத்தில், அதே கட்டத்தில் இலங்கையின் கோடு ஏறத்தாழ 190இல் இருந்தது. 33 ரன் முன்னிலை என்பது ஐம்பது ஓவர் ஆட்டத்தில் சிறியதன்று. ஆனால் இந்தியாவுக்கு அப்போது தேவைப்பட்டது 52 பந்துகளில் 52 ரன். களத்தில் இறங்கியவர் அப்போதுதான் ஆடத் தொடங்கும் யுவராஜ் சிங். வரைபடம் காட்டிய நிம்மதிக்கும் களத்தில் இருந்த நெருக்கடிக்கும் இடையிலான இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், புழு வரைபடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

வரைபடத்தின் அமைப்பு எளியது. கிடை அச்சில் ஓவர்கள், நிலை அச்சில் அதுவரை சேர்ந்த மொத்த ரன்கள். ஓவருக்கு எத்தனை ரன் என்று தனித்தனிக் கம்பங்களாகக் காட்டும் மான்ஹாட்டன் வரைபடத்தின் கம்பங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது இதுதான். எடுத்த ரன் குறையாது என்பதால் கோடு ஒருபோதும் கீழே இறங்காது. ஏறும், அல்லது மட்டமாகச் செல்லும். அதன் சாய்வே ரன் வேகம். இறுதிப் போட்டியின் தொடக்கத்தில் ஜாகீர் கான் வீசிய முதல் ஐந்து ஓவர்களில் மூன்று மெய்டன். விட்டுக்கொடுத்தவை 6 ரன் மட்டுமே. அதனால் இலங்கையின் கோடு தரையை ஒட்டியே தொடங்குகிறது. விக்கெட் விழுந்த இடங்கள் கோட்டின் மேல் புள்ளிகளாகக் குறிக்கப்படும். 38.1 ஓவரில் 179 ரன்னுக்கு ஒரு புள்ளியும், பத்தே பந்துகள் கழித்து 39.5 ஓவரில் 182 ரன்னுக்கு இன்னொரு புள்ளியும் நெருங்கி அமர்ந்திருப்பதைப் பார்த்தாலே, சமரவீரவும் கப்புகெதரவும் அடுத்தடுத்து வெளியேறிய தடுமாற்றம் தெரிந்துவிடும்.

இதைத் தாமே வரைந்து பார்ப்பவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கோர் அட்டையில் 41.2 என்று எழுதப்படுவது பதின்மப் பின்னம் அன்று. 41 ஓவரும் 2 பந்தும். ஆகவே அச்சில் அதன் இடம் 41 + 2/6, அதாவது ஏறத்தாழ 41.33. அட்டையில் உள்ளதை அப்படியே எண்ணாகக் கொடுத்துப் பந்து வாரியாக வரைந்தால், ஒவ்வோர் ஓவரின் ஆறு பந்துகளும் ஒரு பக்கம் நெருங்கி நிற்க, கடைசிப் பந்துக்கும் அடுத்த ஓவரின் முதல் பந்துக்கும் இடையில் அரை ஓவர் அகலத்துக்கு வெற்றிடம் விழும். கோடு முழுவதும் ஒரே சீரான படிக்கட்டாகத் தெரிந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். அகலப் பந்துகளும் நோ-பால்களும் இன்னொரு சிக்கல். அவற்றுக்கு ரன் உண்டு, ஆனால் அவை ஓவரின் ஆறு பந்துக் கணக்கில் சேர்வதில்லை. எனவே அந்த இடத்தில் கோடு பக்கவாட்டில் நகராமல் நேராக மேலே ஏற வேண்டும். வீசிய பந்துகளையெல்லாம் எண்ணி ஆறால் வகுத்தவர்களின் வரைபடத்தில் இன்னிங்ஸ் ஐம்பதைத் தாண்டி ஓடும்.

இப்போது இறுதிப் போட்டிக்கு வருவோம். முதலில் ஆடிய இலங்கை 6 விக்கெட்டுக்கு 274 ரன் எடுத்தது. இந்தியாவின் இலக்கு 275. தொடக்கப் புள்ளியிலிருந்து 50ஆவது ஓவரில் 275 என்ற புள்ளிவரை ஒரு நேர்கோடு வரைவோம். அதன் சாய்வு ஓவருக்கு 5.5. தொலைக்காட்சியில் இந்தக் கோடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. என் கருத்தில், இரு புழுக்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, இரண்டையும் தனித்தனியே இந்தக் கோட்டோடு ஒப்பிடுவதுதான் அதிகம் சொல்லும்.

முதலில் இலங்கை. 6.1 ஓவரில் தரங்க ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 17. நேர்கோட்டுக்கு 17 ரன் கீழே. 16.3 ஓவரில் தில்ஷான் வெளியேறியபோது 60. கோட்டுக்குச் சுமார் 30 கீழே. 27.5 ஓவரில் சங்கக்கார வெளியேறியபோது 122. அப்போதும் ஏறத்தாழ 30 கீழே. 38.1 ஓவரில் 179. அப்போதும் அதே 30. இருபத்தோர் ஓவருக்கும் மேலாக இலங்கை நேர்கோட்டுக்கு இணையாகவே ஓடியிருக்கிறது. தொடக்கத்தில் பட்ட கடனை அடைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. அடுத்தடுத்து விழுந்த இரண்டு விக்கெட்டுகளுக்குப் பின் அது 37 ஆனது. 45 ஓவர் முடிவில் 5 விக்கெட்டுக்கு 211 என்ற நிலையிலும் அதே அளவுதான். பிறகுதான் கோடு செங்குத்தாக எழுந்தது. பேட்டிங் பவர்பிளேயாக எடுக்கப்பட்ட கடைசி ஐந்து ஓவர்களில் 63 ரன், ஓவருக்கு 12.6. 88 பந்துகளில் 103 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்ற மகேல ஜெயவர்தன ஒரு முனையில் இருந்ததால், அந்தக் கடன் முப்பது பந்துகளில் ஏறத்தாழ முழுவதும் அடைபட்டது. எனவே இலங்கையின் புழு நடுவில் தொய்ந்து, வாலில் நிமிர்ந்த வடிவம் கொண்டது.

இந்தியாவின் புழு வேறு வகை. சேவாக் இரண்டாவது பந்திலேயே ரன் எடுக்காமல் வெளியேறினார். 6.1 ஓவரில் சச்சின் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 31. நேர்கோட்டில் அந்த இடத்தில் 34. 21.4 ஓவரில் கோலி வெளியேறியபோது 114, கோட்டில் 119. கம்பீர் வெளியேறிய 41.2 ஓவரில் 223, கோட்டில் 227. மூன்று விக்கெட்டுகளின்போதும் கோட்டிலிருந்து ஐந்து ரன்களுக்கு மேல் விலகல் இல்லை. யுவராஜுக்கு முன்பாகவே களமிறங்கிய தோனியும் கம்பீரும் சேர்த்த 109 ரன்களுக்கு எடுத்துக்கொண்டவை 118 பந்துகள், ஓவருக்கு 5.54. தேவைப்பட்ட 5.5க்கு இவ்வளவு நெருக்கமாக இருபது ஓவர் ஆடியதை, கோட்டின் மேல் கோடாகப் படிந்து கிடக்கும் அந்தப் பகுதிதான் காட்டுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. 41.2 ஓவரில் இருந்த 33 ரன் இடைவெளி இந்தியா வேகமாக ஆடியதால் உருவானதன்று. அது இலங்கையின் தொய்வு. இந்தியா இலக்கை நோக்கிய பாதையில் நான்கு ரன் பின்தங்கியே இருந்தது. முதல் இன்னிங்ஸின் கடைசி ஓவர்களில் குவிந்த ரன்கள் இலக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன, ஆனால் அந்தக் கட்டத்துப் புழுவில் இன்னும் சேரவில்லை. இதனால்தான் துரத்தும் அணி முன்னிலையில் இருப்பதாகத் தோன்றும் பல ஆட்டங்கள் இறுதியில் இறுகிப்போகின்றன.

செங்குத்து இடைவெளியோடு கிடை இடைவெளியையும் பார்ப்பது நல்லது. 223 என்ற ரன்னில் குறுக்காக ஒரு கோடு இழுத்தால், இந்தியா அதை 41.2 ஓவரில் தொடுகிறது. இலங்கை ஏறத்தாழ 46ஆவது ஓவரின் முடிவில்தான் தொட்டிருக்கும். அங்கிருந்து மீதி 51 ரன்னை இலங்கை 24 பந்துகளில் எடுத்தது. இந்தியாவிடம் 52 ரன்னுக்கு 52 பந்துகள் இருந்தன. இருபத்தெட்டு பந்துகள் மிச்சம் என்ற கணக்கு, 33 ரன் முன்னிலை என்பதைவிடத் தெளிவானது. ஏனெனில், இலங்கை ஆடிய அதே வெறியோடு ஆட வேண்டியதில்லை, அதில் பாதி வேகம் போதும் என்பதை அது நேரடியாகவே சொல்லிவிடுகிறது. இந்தியா அதைவிடச் சற்று வேகமாகவே ஆடி, 42 பந்துகளில் 54 ரன் எடுத்தது. 48 ஓவர் முடிவில் இந்தியா 270, இலங்கை 248. அடுத்த ஓவரின் இரண்டாவது பந்தில் தோனி அடித்த சிக்ஸருடன் இந்தியாவின் கோடு 277இல் நின்றுவிடுகிறது. இலங்கையின் கோடு மட்டும் இன்னும் பத்துப் பந்துகள் வலப்புறம் நீண்டு 274இல் முடிகிறது. வெற்றியைக் காட்டுவது உயரம் மட்டுமன்று, இப்படி முன்னதாக நின்றுவிடுவதும்தான்.

புழு வரைபடத்துக்குள் வராத பெரிய விஷயம் கையிருப்பு விக்கெட்டுகள். புள்ளிகள் அவற்றைக் குறிக்கின்றனவே தவிர, கோட்டின் உயரத்தை மாற்றுவதில்லை. மழை வந்தால் பயன்படுத்தப்பட்டு வந்த, இன்று டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் என்ற வடிவில் தொடரும் டக்வொர்த்–லூயிஸ் முறை இதைத்தான் கணக்கில் சேர்க்கிறது. மீதமுள்ள ஓவர்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்து ‘வளம்’ என்று விழுக்காட்டில் அது அளக்கிறது. 2002இல் வெளியான பொதுப் பட்டியலின்படி 40 ஓவர்கள் மீதமிருக்கையில், விக்கெட் எதுவும் விழாத அணியிடம் 89.3 விழுக்காடு வளம் இருக்கும்; 2 விக்கெட் இழந்த அணியிடம் 77.8; 5 விக்கெட் இழந்த அணியிடம் 47.6. சர்வதேச ஆட்டங்களில் கணினியில் இயங்கும் வேறொரு பதிப்பே பயன்படுகிறது என்பதால் அதன் எண்கள் சற்று மாறும், கருத்து மாறாது. இலங்கையின் 274ஐ வைத்து, செலவான வளத்தின் பங்கைப் பெருக்கினால், ஆட்டம் அங்கேயே நின்றால் இரு அணிகளையும் சமமாக்கும் ரன், அதாவது சமநிலை ஸ்கோர், 10 ஓவர் முடிவில் விக்கெட் இழக்காத இந்தியாவுக்குச் சுமார் 29. 2 விக்கெட் இழந்திருந்தால் சுமார் 61. 5 விக்கெட் இழந்திருந்தால் சுமார் 144. நம் நேர்கோடு மூன்று நிலைக்கும் ஒரே விடையாக 55 என்கிறது.

அதனால் சில ஒளிபரப்புகளில் துரத்தலின்போது சமநிலை ஸ்கோரையும் மூன்றாவது கோடாகச் சேர்த்து வரைகிறார்கள். அந்தக் கோடு மற்ற இரண்டையும் போல மெல்ல ஏறுவதில்லை. ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் அதே பந்தில் சட்டென்று மேலே குதிக்கும். மீதி ஓவர்கள் அதிகம் இருக்கும்போது குதிப்பு பெரிது, கடைசி ஓவர்களில் சிறிது. துரத்தும் அணியின் புழு சற்றும் இறங்காமலேயே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவது இப்படித்தான்.