பழைய தேதியோடு வீடியோ போகாமல் இருக்க

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருவதால் ஆங்கிலத் தேதி வருடாவருடம் மாறும். போன வருடம் கேப்கட் எடிட்டிங் ஆப்பில் பாதியில் விட்ட 40 வினாடி வாழ்த்து வீடியோவை இந்த வருடம் முடித்து வட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று வைப்போம். அதில் பழைய தேதி, இரண்டு விளக்கு ஸ்டிக்கர், மூலையில் ஒரு கடையின் லோகோ இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் நீக்க வேண்டும்.

கெலரியில் கிடக்கும் வீடியோவைத் தொட்டுப் பயனில்லை. எக்ஸ்போர்ட் ஆனதும் எழுத்து படத்தோடு ஒட்டிவிடும். பிறகு கழற்ற முடியாது. ஆப்புக்குள் இருக்கும் புரொஜெக்ட்டில்தான் அவை தனித்தனி லேயர். அதன் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Duplicate கொடுங்கள். வெட்டுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

பிரதியைத் திறந்தவுடன் எழுத்து லேயர்கள் முழுதாகத் தெரியாது. வீடியோ பட்டையை ஒட்டி மெல்லிய நிறக் கோடாக ஒடுங்கிக் கிடக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான். கீழே Text ஐத் தொட்டால் கோடுகள் பட்டைகளாக விரியும். ஒரு பட்டையைத் தொட்டு, வெள்ளைக் கட்டம் வந்த பின் Delete. திரையிலேயே எழுத்தைத் தொட்டும் நீக்கலாம், ஆனால் எழுத்தின் மேல் விளக்கு உட்கார்ந்திருந்தால் விரலுக்கு விளக்குதான் அகப்படும். பட்டையில் தொடுவதே நிச்சயம். அடுத்து Stickers பக்கமும் பாருங்கள். லோகோவை இவ்விரண்டிலும் தேடிக் களைக்க வேண்டாம். கெலரியிலிருந்து எடுத்துப் போட்ட படம் என்பதால் அது Overlay இல் இருக்கும்.

வீடியோவை இங்கொன்று அங்கொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் போயிற்று' என்று முடிவெடுக்கக் கூடாது. புதிதாகப் போடும் எழுத்து வழமையாக 3 வினாடிதான் நிற்கும். 22ஆம் வினாடியில் தொடங்கியது 25இல் மறைந்துவிடும், நீங்கள் 20ஐயும் 30ஐயும் மட்டும் பார்த்திருப்பீர்கள். அதனால் டைம்லைனை விரலால் கடைசிவரை மெதுவாக இழுத்து, பட்டை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு இடங்களில் மிச்சம் ஒளிந்திருக்கும். ஒன்று, Text-to-speech குரல். எழுத்தை நீக்கினாலும் குரல் Audio வில் தனிப் பட்டையாக நின்று, பழைய தேதியை வாசித்துக்கொண்டே இருக்கும். மற்றது Cover. டைம்லைனின் தொடக்கத்திலிருக்கும் அந்தக் கட்டத்துக்குள் எழுதியது டைம்லைன் பட்டைகளில் தெரியாது. அதைத் திறந்து அங்கேயே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய தேதியே முகப்புப் படமாகப் போய்விடும்.

கைதவறி வீடியோத் துண்டையே வெட்டிவிட்டால், 40 வினாடி என்றிருந்த மொத்த நேரம் சட்டென்று குறையும். உடனே பின்னோக்கி வளைந்த அம்புக்குறியைத் தொடுங்கள்.

எக்ஸ்போர்ட் ஆனதும் வீடியோவை ஆப்புக்குள் அல்லாமல் கெலரியில் திறந்து, முதல் வினாடியிலிருந்து சத்தத்தோடு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்த பின்பே குழுவில் போடுங்கள்.