பச்சையில் இருந்தால் எவ்வளவும் சாப்பிடலாமா?

இந்த வருடம் என் மேசைக்கு வந்த நான்காவது ஃபிரிட்ஜ் அட்டை இது. சர்க்கரை நோய்க்கு என்னிடம் வரும் ஓர் அம்மாவுக்கு 67 வயது. நான் அரை மணி நேரம் பேசியதை மகன் சுருக்கி, லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார். பச்சையில் 'சாப்பிடலாம்', சிவப்பில் 'கூடாது'. அக்கறையில் குறையில்லை. ஆனால் நான் சொன்ன அளவும் நேரமும் காணாமல் போய், உணவின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

பச்சையில் முதல் பெயர் கேழ்வரகு. அம்மா தினமும் காலையில் ஒரு சொம்பு நிறையக் கஞ்சி குடிக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 286. "பச்சையில்தானே டாக்டர் இருக்கு?" என்கிறார்.

எத்தனை முறைதான் சொல்வது! கேழ்வரகிலும் மாவுச்சத்துதான். அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, நார்ச்சத்து அதிகம், அவ்வளவே. அதையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் மடமடவென்று ரத்தத்தில் ஏறும். சப்பாத்தியும் அப்படித்தான். நடுத்தர அளவில் மூன்று சப்பாத்தி, ஏறக்குறைய ஒன்றரை கப் சோற்றுக்குச் சமம். சோற்றை நிறுத்திவிட்டேன் என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுபவர்களிடம் நான் என்னதான் பேசுவது?

அதைவிட மோசமானது இரவில் நடந்தது. சிவப்பில் சோறு இருக்கிறதே என்று அம்மா வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் எடுத்துக்கொண்டு, கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் குறைக்கும். இரவு இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். மீட்டரில் 54. பேத்தி சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்திருக்கிறாள். அட்டையில் சிவப்பில் முதல் வரியே சர்க்கரை! டப்பாவை வைத்துவிட்டு அப்பாவை எழுப்ப ஓடியிருக்கிறாள்.

70-க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்துக்குச் சர்க்கரைதான் மருந்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரை போடுபவர்களுக்கு அன்று இறங்கியது மறுபடியும் இறங்கலாம் என்பதால், காலையில் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அட்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கரண்டியால் அளந்து எழுதுங்கள்: 'சோறு, இந்தக் கரண்டியில் இரண்டு'. மாத்திரையின் பெயரையும், அதைப் போட்டால் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தயவுசெய்து அதைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பாதீர்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், உங்கள் பச்சையில் இருக்கும் கீரையே அவருக்குச் சிவப்பாக இருக்கலாம்.

புது அட்டையைப் பேத்தியையே எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் வரி '70-க்குக் கீழே என்றால் சர்க்கரைத் தண்ணீர்'. டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.