ஃபிலட் எந்த இடத்தில் முறிகிறது, ஏன்?

சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் சட்டத்தில் பூட்ட ஒரு வார்ப்புத் தாங்கியை FreeCAD மென்பொருளில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடித்தகடு 100 × 60 மி.மீ., தடிப்பு 10. நடுவில் 40 விட்டமும் 30 உயரமும் உள்ள உருளை. அதன் நடுவே தண்டுக்கு 20 விட்டத்தில் துளை. இரண்டு பக்கமும் 6 மி.மீ. தடிப்பில் ஒவ்வொரு விலா. கடைசியில் எல்லா விளிம்பையும் ஒரே பிடியில் தெரிந்து 4 மி.மீ. ஃபிலட் கொடுத்தால், திரையில் வருவது `BRep_API: command not done`. எந்த விளிம்பு பிழை என்று அது சொல்லாது.

ஃபிலட் என்பது கூரான விளிம்பை வளைவாக்குவது, ஒரு பந்து உருண்டுபோன தடம்போல. இரண்டு முகங்கள் சேரும் மூலையில், கொடுத்த ஆரையுள்ள பந்து இரண்டையும் தொட்டபடி உருளும். அது தொட்டுப்போன கோடுகள்தான் ஃபிலட்டின் புதிய விளிம்புகள். முகங்கள் செங்கோணத்தில் இருந்தால், தொட்ட கோடு பழைய விளிம்பிலிருந்து ஆரையின் அளவே தள்ளி விழும். கோணம் 60 பாகையாக ஒடுங்கினால், தள்ளும் தூரம் ஆரையைப்போல் 1.73 மடங்கு. 30 பாகையில் 3.73 மடங்கு. அவ்வளவு அகலத்துக்கு முகம் இல்லாவிட்டால் பந்துக்குத் தொட இடம் கிடையாது, கட்டளையும் நின்றுவிடும்.

நம் விலாவின் உச்சி 6 மி.மீ. அகலம். இரண்டு பக்க விளிம்புக்கும் 4 கேட்டால் 8 மி.மீ. வேண்டும். 3 கொடுத்தாலும் தப்ப முடியாது: 3 + 3 சரியாக 6, நடுமுகத்தின் அகலம் பூச்சியமாகிவிடும். 2.9 பெரும்பாலும் எடுபடும், ஆனால் 0.2 மி.மீ. நாடா ஒன்று மிஞ்சி அடுத்த வேலைக்குத் தொல்லை தரும். முழு வட்டமான உச்சிதான் வேண்டுமென்றால் ஃபிலட்டை நம்பாமல் அந்த அரைவட்டத்தை ஸ்கெட்சிலேயே போடுவது நல்லது. இங்கே 2 மி.மீ. போதும்.

இடந்தான் குறையா என்று அறிய ஆரையை 0.1 ஆக்கிப் பாருங்கள். 0.1 எடுபட்டு 4 எடுபடாவிட்டால் குறை இடத்தில். 0.1 கூட எடுபடாவிட்டால் வடிவமே கெட்டிருக்கிறது. இந்தத் தாங்கியில் அதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. விலாவின் ஸ்கெட்ச் மையத்திலிருந்து சரியாக 20 மி.மீ.இல் நின்றால், அது உருளையை ஒரே கோட்டில்தான் தொடும். விலாவின் பக்கத்தில், அதாவது நடுவிலிருந்து 3 மி.மீ. தள்ளி, உருளை 19.77இலேயே வளைந்து விலகிவிட்டது. அங்கே 0.23 மி.மீ. இடுக்கு. கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். விலாவை உருளையின் மையம் வரை நீட்டிவிட்டால் இடுக்கு போய்விடும். அப்படி நீட்டினால் துளையை விலாக்களுக்குப் பிறகே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் விலா துளையை அடைத்துக்கொள்ளும்.

இனி, ஃபிலட்டுகளை இடும் ஒழுங்கு உண்மையில் வேலை செய்யும் இடம்: விலா உருளையோடு சேரும் மேல்மூலை. விலாவின் உச்சி விளிம்பு குவிவு, விலாவும் உருளையும் சேரும் விளிம்புகள் குழிவு. குழிவானவற்றுக்கு முதலில் 4 கொடுத்தால், இரண்டு ஃபிலட்டுகள் அந்த மூலையில் முட்டி ஒரு கூரான மடிப்பை விடும். பிறகு வரும் குவிவு ஃபிலட் அந்த மடிப்பின் வழியே ஓட வேண்டும், அங்கேதான் அடிக்கடி முறியும்.

மாற்றிச் செய்யுங்கள். முதலில் விலாவின் உச்சி விளிம்புகளுக்கும் வெளிமுனையின் நிமிர்ந்த விளிம்புகளுக்கும் 2. இப்போது விலா உருளையையும் தகட்டையும் சந்திக்கும் கோட்டில், விலாவின் முனைகள் இருந்த இடமெல்லாம் வளைந்து, முறிவில்லாமல் ஓடும். அதன் பிறகு அந்தக் கோட்டுக்கு 4 கொடுத்தால் பந்து வழுக்கிக்கொண்டு சுற்றிவரும். விலா, உருளை, தகடு மூன்றும் சேரும் உள்மூலையில் எல்லாமே குழிவு. அங்கே ஒரே ஆரை கொடுத்தால் பந்து மூலையில் அமர்ந்து, கோளத்தின் ஒரு துண்டை விட்டுப்போகும். ஆரைகள் வேறானால் பெரியதை முதலில் இடுவது பாதுகாப்பு. வார்ப்பு என்பதால் அச்சிலிருந்து கழல 2 பாகைச் சரிவும் வேண்டும். அது எல்லா ஃபிலட்டுக்கும் முன்னால் வர வேண்டும், ஃபிலட் தொட்டு நிற்கும் முகத்தைத் தனியே சாய்க்க முடியாது.

செய்த படிகளை வரிசையாகக் காட்டும் மரத்தின் ஒழுங்கு இப்படி நிற்கும்: தகடு, உருளை, விலாக்கள், சரிவு, துளை, குவிவு ஃபிலட், குழிவு ஃபிலட்.

இந்த ஒழுங்கு பின்னர் திருத்தும்போதும் கைகொடுக்கும். மென்பொருள் விளிம்பை `Edge23` என்பதுபோல் எண்ணிட்டு நினைவில் வைக்கிறது. மூன்றாவது விலா ஒன்றைச் சேர்த்தால் எண்கள் மாறலாம், ஃபிலட் வேறு விளிம்பில் போய் உட்காரும் அல்லது சிவந்து நிற்கும். 2024 நவம்பரில் வந்த FreeCAD 1.0 இதை நன்றாகக் குறைத்தது, முற்றாக ஒழிக்கவில்லை. ஃபிலட்டுகள் மரத்தின் அடியில் இருந்தால் சிதைவது அவை மட்டும்தான். துளையின் ஸ்கெட்சை ஃபிலட்டிட்ட ஒரு முகத்தில் ஒட்டியிருந்தால் துளையும் சேர்ந்து சிதையும். அதனால் ஸ்கெட்சுகளை XY, XZ தளங்களில் ஒட்டுங்கள். திருத்தம் முடிந்தபின் சிவந்த ஃபிலட்டைத் திறந்து, விளிம்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தெரிவுசெய்தால் போதும்.