பிரான்சைஸ் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

டீக்கடை பிரான்சைஸ் தரும் கம்பெனிகளின் கையேட்டில் மாத லாபம் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த லாபம் எந்த ஆண்டில் கைக்கு வரும் என்பது இருக்காது. முடிவை மாற்றுவது அதுதான். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒப்பந்தம் 5 ஆண்டு. பிரான்சைஸ் கட்டணம் 5 லட்சம், 18% ஜிஎஸ்டியோடு 5.9 லட்சம். 5% ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவுக்கடை இந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, முழுவதும் செலவுதான். உள் அலங்காரம், மெஷின்களுக்கு 8.1 லட்சம். கடை அட்வான்ஸ் 2 லட்சம். ஆக, முதலீடு 16 லட்சம்.

ஆண்டு விற்பனை 30 லட்சம் என்றும், சரக்கு, வாடகை, ஆள் சம்பளம் போக 9 லட்சம் மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு ஆண்டுதோறும் கட்டும் ராயல்டி 6% என்றால் பலர் லாபத்தில் 6% என்று நினைத்துவிடுகிறார்கள். அது விற்பனையில் 6%. ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 2.12 லட்சம், அதாவது மிஞ்சியதில் கிட்டத்தட்ட கால்வாசி. கடையில் நாள் முழுக்க நிற்கும் உங்களுக்கும் சம்பளம் எழுதுங்கள்: மாதம் 20,000 வீதம் 2.4 லட்சம். மீதி 4.48 லட்சம்.

போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 12% எதிர்பார்ப்போம். கடன் வாங்கினால் அதன் வட்டிக்குக் கீழே இந்த விகிதத்தை வைக்கவே கூடாது. ஐந்தாண்டு வரவையும், கடைசியில் திரும்பும் அட்வான்ஸையும் அந்த விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து 16 லட்சத்தைக் கழித்தால் கிடைக்கும் நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்பிவி, 1.28 லட்சம். வருமான வரிக்கு முன், எடுக்கலாம் போலத்தான் தெரிகிறது.

ஆனால் புதுக்கடை முதல் நாளிலிருந்தே முழு விற்பனை செய்யாது. முதல் ஆண்டு 21 லட்சம்தான் என்று வையுங்கள். சரக்குச் செலவு விற்பனையில் 40%. அது குறையும், ராயல்டியும் குறையும். வாடகையும் சம்பளமும் குறையாது. அந்த ஆண்டு 4.48 லட்ச வரவு 28,000 ரூபாய் நட்டமாகிறது.

வெறுமனே கூட்டினால் ஐந்தாண்டில் 19.64 லட்சம் திரும்பி வரும், 3.64 லட்சம் லாபம் என்று தோன்றும். என்பிவியோ மைனஸ் 2.97 லட்சம்.

எக்செலில் போடும்போது C1-ல் முதலீட்டை (-16), C2 முதல் C6 வரை ஆண்டு வரவுகளை (-0.28, 4.48, 4.48, 4.48, 6.48) எழுதுங்கள்:

```
=NPV(12%,C2:C6)+C1
```

முதலீட்டையும் அடைப்புக்குள் போட்டால் எக்செல் அதை ஓராண்டு கழித்துச் செலவானதாக எடுத்துக்கொள்ளும், நட்டம் 2.65 லட்சமாகக் குறைத்துக் காட்டும்.

இந்தத் தாளை வைத்தே கம்பெனியிடம் பேரம் பேசலாம். அவர்கள் எளிதில் தர முன்வரும் சலுகை, முதல் ஆண்டு ராயல்டி தள்ளுபடி. விற்பனை குறைவான ஆண்டு என்பதால் அதன் இன்றைய மதிப்பு 1.33 லட்சம்தான். ராயல்டியை 4% ஆக்கினால் 2.36 லட்சம். பிரான்சைஸ் கட்டணத்தைப் பாதியாக்கினால் வரியோடு 2.95 லட்சம்; நட்டம் ஏறக்குறைய முழுவதும் அடைபடும். எதுவும் கிடைக்காவிட்டால், இரண்டாம் ஆண்டு முதல் தினமும் சுமார் 570 ரூபாய் கூடுதலாக விற்க வேண்டும். அந்த இடத்தில் அது நடக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, பக்கத்துக் கடைகளில் காலையும் மாலையும் போகும் டீயை எண்ணிப் பார்த்துவிடலாம்.